மாலைநேரக் கணினி அடிப்படை வகுப்பு: ஆறு வாரப் பாடத்திட்டம்

இடம்: சின்னாளபட்டி, கிளை நூலகத்தின் மாடி அறை
நாட்கள்: 2026 ஜனவரி 19 முதல் பிப்ரவரி 27 வரை, திங்கள், புதன், வெள்ளி
நேரம்: இரவு 7.00 முதல் 8.30 வரை
கற்போர்: பன்னிரண்டு பேர். தறி நெய்பவர்கள், சாயப்பட்டறைத் தொழிலாளர்கள், பூக்கட்டும் பெண்கள். பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். இருவர் அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக் கற்றவர்கள்.
கருவிகள்: பழைய கணினிகள் ஆறு, பிரிண்டர் ஒன்று, யு.பி.எஸ். ஒன்று

பயிற்றுநர் இருவருக்கும்

கற்போர் தமிழை எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள். ஆங்கில எழுத்துகளில் சிலவற்றைத்தான் அடையாளம் காண்பார்கள். ஆனால் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, எண்கள் சரளம், கணக்கில் நம்மைவிட வேகம். அந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம். கணினியின் வரலாறு, உள்ளீட்டுக் கருவி, வெளியீட்டுக் கருவி என்று வழக்கமான புத்தகங்கள் தொடங்கும் முதல் அத்தியாயம் இந்த வகுப்பில் கிடையாது. வேலை முடித்து வந்தவர்களிடம் அதை ஒப்பித்தால் மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

எல்லாப் பாடங்களும் ஒரே இடத்துக்குப் போகின்றன: தனக்கு வேண்டிய ஒரு தாளைத் தானே தேடி, தானே அச்செடுத்துப் போவது.

ஒரு கணினிக்கு இருவர். இருவரில் குறைவாகத் தெரிந்தவர் கையில்தான் மவுஸ். நீங்கள் அதைத் தொடவே கூடாது. வாயால் சொல்லுங்கள், விரலால் திரையைக் காட்டுங்கள். பெயரோடு அக்கா, அண்ணன் சேர்த்துக் கூப்பிடுங்கள். ‘இதுகூடத் தெரியாதா’ என்ற சொல் சிரிப்போடு வந்தாலும் வேண்டாம். வெள்ளெழுத்துக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். கணினி அமைப்பில் எழுத்து அளவை 150 விழுக்காட்டுக்கு முன்கூட்டியே உயர்த்திவிடுங்கள்.

முதல் வாரம்: கை பழகுதல்

திங்கள்: இயக்குதல், நிறுத்துதல். பொத்தானை அழுத்தி நிறுத்துவதற்கும் Shut down கொடுத்து நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு முறை செய்து காட்டவும். ‘தொட்டால் கெட்டுவிடுமோ’ என்ற பயம் இந்த வாரத்தில் போக வேண்டும். ஆகவே முதல் நாளே எல்லோரும் மூன்று முறை அணைத்து இயக்கட்டும்.

புதன்: மவுஸ். பெயிண்டைத் திறந்து வையுங்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு புள்ளி. சுங்குடிப் புள்ளியைச் சேலையில் வைத்துப் பழகியவர்களுக்குத் திரையில் வைக்கச் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. முதலில் ஒரு வரிசை, பிறகு கட்டம், பிறகு அவரவர் விருப்பம். மேசை விளிம்பு வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். நமக்கு இயல்பாகத் தெரியும் இது, புதியவருக்குத் தோன்றாது.

இரட்டைச் சொடுக்கு பலருக்கு வராது. காய்த்துப்போன விரல் இரண்டு முறை அழுத்துவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடும். அமைப்பில் அதன் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் வராவிட்டால் ஒரு சொடுக்கு, பிறகு Enter. அதுவே போதும்; இரட்டைச் சொடுக்குக்காக ஒரு வகுப்பை வீணாக்க வேண்டாம்.

வெள்ளி: எண்கள். கால்குலேட்டரைத் திறந்து கூலிக் கணக்கு. ஒரு சேலை 850 ரூபாய் என்றால் பன்னிரண்டு சேலை எவ்வளவு? 10,200 என்று மனக்கணக்கில் முதலில் சொல்லிவிடுவார்கள், பிறகு கணினியைச் சரிபார்ப்பார்கள். நல்லது, அப்படியே நடக்கட்டும்.

இரண்டாம் வாரம்: திருப்புதல்

திங்கள் குடியரசு நாள், விடுமுறை. பிப்ரவரி 1 தைப்பூசம் என்பதால் புதன், வெள்ளியில் பலர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விடுவார்கள். புதுப் பாடம் எதுவும் எடுக்காதீர்கள். வந்தவர்களுக்கு மவுஸ், கால்குலேட்டர் மட்டும் மீண்டும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: தமிழில் தட்டச்சு

இத்திட்டத்தின் நடுத்தூண் இதுதான், எனவே ஆறு வகுப்புகள். ‘amma’ என்று அடித்தால் ‘அம்மா’ வரும் முறை நம் இளைஞர்களுக்குப் பிடித்தது. ஆனால் அது ஆங்கில எழுத்து தெரிந்தவருக்கான வழி. இவர்களை இரண்டு மொழி சுமக்க வைக்கும். தமிழ்99 விசைப்பலகையையே பயன்படுத்துகிறோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை வலக்கைப் பக்கம். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை வகுப்பு தொடங்குமுன் ஒட்டிவிடுங்கள்.

நோட்பேடில் எழுத்து அளவு 28. முதல் பயிற்சிச் சொற்கள், பயிற்றுநருக்கான விசைகளுடன்:

```
அம்மா   a k k q
தறி     l u s
நூல்    ; e n f
பட்டு   j o o d
சேலை   [ t n r
```

ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ அடிக்கும்போது இது புரிந்துவிடும், தனியாக விதி சொல்ல வேண்டாம். சொல்லின் முடிவில் புள்ளி வேண்டுமானால் f. எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கு Backspace ஒன்றைத்தான் சொல்லுங்கள்.

மூன்றாம் வார முடிவில் அவரவர் பெயர். நான்காம் வாரத்தில் முகவரி, பிறகு அந்தக் கோப்பைச் சேமித்தல், திறத்தல், அச்சிடல். தன் பெயரைத் தாளில் பார்த்ததும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஆளுக்கு ஒரு தாள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். Save, Print, OK, Cancel ஆகியவை திரையில் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இ-சேவை மையத்திலும் வங்கியிலும் அவற்றை அப்படித்தான் பார்ப்பார்கள். எழுத்துக்கூட்டத் தேவையில்லை, உருவத்தால் அடையாளம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு சொல்லையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டவும்.

ஐந்தாம் வாரம்: இணையமும் ஏமாற்றும்

திங்கள்: உலாவியைத் திறத்தல், தமிழில் தேடுதல். பக்கத்தைப் பெரிதாக்க Ctrl, + இரண்டையும் சேர்த்து அழுத்துதல். பட்டா பார்க்க eservices.tn.gov.in என்னும் முகவரியை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். ஆங்கில விசைகளுக்கு மாறுவதை இங்கேதான் கற்கிறார்கள். நிலமில்லாதவர்கள் ரேஷன் அட்டை விவரத்துக்கு tnpds.gov.in.

புதன் முழுவதும் பாதுகாப்பு. இதைச் சுருக்காதீர்கள், நேரமில்லையென்றால் திங்கள் பாடத்தைக் குறையுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். ஓ.டி.பி.யை வங்கிக்காரர் என்று சொல்பவரிடமும் சொல்லக் கூடாது. ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற குறுஞ்செய்தியைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, எங்கே சந்தேகம் வருகிறது என்று அவர்களையே பேசவிடுங்கள். தேடலில் முதலில் வரும் வாடிக்கையாளர் சேவை எண் உண்மையானது என்று பொருளில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை எல்லோரும் செல்போனில் அப்போதே பதியட்டும். ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இருப்பார்கள். யாரையும் சொந்தக் கதை சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள்.

வெள்ளி: பொதுக் கணினி ஒழுக்கம். உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் Never. வேலை முடிந்ததும் வெளியேறுதல், இறக்கிய கோப்பை அழித்தல், Recycle Bin-ஐக் காலி செய்தல்.

ஆறாம் வாரம்: சொந்த வேலை

புதுப் பாடம் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான ஒன்றை எடுத்துவந்து முடிக்கிறார்கள்: பட்டா நகல், மின் கட்டணம் பார்த்தல், ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஒரு மனு. மின் ஆதார் இறக்குபவர்கள் அதைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தாமே அடிக்கட்டும்: ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. திரையைப் பக்கத்தில் இருப்பவரும் நீங்களும் பார்க்காமல் தள்ளி நில்லுங்கள். பணம் கட்டும் வேலை வகுப்பில் வேண்டாம்.

தேர்வும் மதிப்பெண்ணும் இல்லை. வருகைப் பதிவின் ஓரத்தில் மூன்றே குறிப்புகள் எழுதுங்கள்: தனியே இயக்கி அணைத்தாரா, பெயரும் முகவரியும் தமிழில் அடித்தாரா, ஒரு தாளைத் துணையின்றி அச்செடுத்தாரா. மூன்றில் ஒன்று குறைந்தவர்களுக்கு மார்ச் முதல் வாரம் திங்கள், புதன் இரு மாலைகள் ஒதுக்கியிருக்கிறோம். மின்தடை நாளில் யு.பி.எஸ். ஒரு கணினியைத்தான் தாங்கும். அன்று எல்லோரும் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து பாதுகாப்புப் பாடத்தைப் பேசலாம்.