பொருள்: 2025 ஆம் ஆண்டுக்கான சுயமதிப்பீடும் அடுத்த ஆண்டு இலக்குகள் பற்றிய தங்கள் கருத்தும்

மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை உதவி அதிகாரியாக இவ்வாண்டு நான் மிகுந்த கவனம் செலுத்தியது கொழுந்து வாட்டும் பகுதியிலேயே ஆகும். தென்மேல் பருவமழைக் காலத்தில் நனைந்து வரும் கொழுந்தைத் தொட்டிகளில் மெல்லிதாகப் பரப்பி, காற்றின் ஈரப்பதத்தை அளந்த பின்னரே வெப்பக்காற்றைக் கலக்கும் நடைமுறையை இரவு வேலைத் தொழிலாளர்களும் தாமாகவே பின்பற்றும் அளவுக்குப் பழக்கியுள்ளேன். அதன் பயனாக, நூறு கிலோ கொழுந்துக்குக் கிடைக்கும் தேயிலை 20.8 கிலோவிலிருந்து 21.5 கிலோவாக உயர்ந்தது. வாட்டம் போதாது என்ற குறிப்பும் கொழும்புத் தரகர்களின் அறிக்கைகளில் அரிதாகிவிட்டது. இப்பெருமையில் பெரும் பங்கு இரவில் விழித்திருந்து உழைத்த அந்தத் தொழிலாளர்களையே சாரும் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். விறகுச் செலவுப் பதிவேடும் கணினிமயமாக்கப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டில் உலர்த்தியின் விறகுப் பாவனையைக் குறைப்பதா, ஐஎஸ்ஓ 22000 உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான ஆயத்தத்தைப் பொறுப்பேற்பதா, எதற்கு முதலிடம் அளிப்பது என்பதில் தங்கள் வழிகாட்டல் எனக்கு அவசியமாகும். இரண்டாவதே காலத்தின் தேவை என்பது என் எண்ணம். எனினும் அதற்கு நான் வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன்களைத் தாங்கள் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினால் நன்றியுடையவனாவேன். தைப்பொங்கலுக்குப் பின்னர் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் இதுபற்றி நேரில் கலந்துரையாட அனுமதி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தொழிற்சாலை உதவி அதிகாரி