தீபாவளிக்கு அனுப்ப வேண்டிய செய்திகள்

தம்பி,

நேற்று நீ காட்டிய விளக்குப் படம் அழகாகத்தான் இருந்தது. போன வருஷம் அதே படம் எனக்கு நான்கு பேரிடமிருந்து வந்தது. யார் அந்த நான்கு பேர் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் இந்த முறை படம் வேண்டாம். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதிவிட்டேன், கீழே இருக்கிறது.

பிராட்காஸ்ட் போடாதே. அவரவர் சாட்டைத் திறந்து ஒட்டு, யாருக்கு எது என்று இரண்டு முறை பார்த்துக்கொள். சனி, ஞாயிறுக்குள் முடித்துவிடு; திங்கள் 20ஆம் தேதி காலையில் எல்லோர் போனும் வாழ்த்துகளால் அலறிக்கொண்டிருக்கும், நம்முடையது அதில் மூழ்கிவிடும். அடியில் லோகோ, கடைப் பெயர், 'எங்கள் சேவைகள்' எதுவும் வேண்டாம். நம் நம்பர் அவர்களிடம் இருக்கிறது. பதில் வந்தால் கைகூப்பும் பொம்மையைப் போட்டு முடித்துவிடாதே, என்னிடம் சொல்.

பதிப்பக ஐயாவுக்கு (நீளமாகிவிட்டது, பரவாயில்லை. அவர் படிப்பார்.)

ஐயா, வணக்கம்.

உங்கள் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு மாறி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் கனவில் கொம்பு வருகிறது. பாமினியில் முதலில் கொம்பைத் தட்டி அப்புறம் எழுத்தைத் தட்டுவது உங்கள் இருபது வருஷக் கைப்பழக்கம். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், கண்ணுக்கு மட்டும் முன்னால் தெரியும். இதை நான் விளக்கியபோது, "அப்படியானால் இத்தனை நாள் நான் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டியிருந்தேனா?" என்று கேட்டீர்கள். இல்லை ஐயா, அன்றைக்கு இருந்த குதிரை அப்படி.

கொம்பை மென்பொருள் சரிசெய்துவிட்டது. நடுநடுவே நீங்கள் ஆங்கிலத்தில் தட்டியிருந்த பெயர்களில்தான் அது தோற்றுப்போனது. அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைக்க, வாயில் நுழையாத ஒரு சொல் அடிக்குறிப்பில் வந்து உட்கார்ந்தது. அதை நீங்கள் உரக்கப் படித்துவிட்டு, "யார் இந்தப் புலவர், நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றீர்கள். இந்த வருஷம் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

412 கோப்பையும் அச்செடுத்து, அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி நீங்கள் பார்த்ததை என் பையனிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுப்பாடத்துக்கு அவன் அளவுகோல் எடுக்கிறானா என்று தெரியவில்லை, ஆனால் கதை அவனுக்குப் பிடித்தது.

உங்களுக்கும் அம்மாவுக்கும் தீபாவளி வாழ்த்துகள். கண்ணுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், ஐயா.

பல் மருத்துவருக்கு

டாக்டர் மேடம், வணக்கம்.

மார்ச்சில் உங்கள் மின்னஞ்சலைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். புதிய முகவரி உலகம் முழுக்கப் போய்ச் சேரும்வரை சில கடிதங்கள் பழைய பெட்டிக்கே வரும் என்பது எனக்குத் தெரியும். அதைத் திறந்து பார்க்காமல் இரண்டு நாள் விட்டது என் தவறு. உங்கள் நோயாளி ஒருவர் பதில் வரவில்லை என்று நேரிலேயே வந்து கேட்கும்படி ஆனது.

அன்று நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். "கடிதங்கள் கிடைத்துவிட்டனவா, சரி, அடுத்து என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கப்புறம் நான் யாருக்கு மின்னஞ்சல் மாற்றினாலும் பழைய பெட்டியை ஒரு வாரம் மூடுவதில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியால் வந்த பழக்கம் இது.

உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள் மேடம்.

கணக்கு அலுவலக அண்ணாவுக்கு (இவருக்கு நீட்டினால் பிடிக்காது.)

அண்ணா, விண்டோஸ் 10-க்கு 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. உங்கள் 11 கணினியும் 12ஆம் தேதி இரவே மாறிவிட்டன. அந்த இரவு பதினொன்றரைக்கு, பழைய பிராசசர் உள்ள கடைசி இரண்டு கணினிகளைப் பார்த்து, "இதுங்க ரெண்டும் பென்ஷன் வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பென்ஷன்காரர்கள் இரண்டு பேரும் நம் அலமாரியில் நலமாக இருக்கிறார்கள்.

தீபாவளி வாழ்த்துகள் அண்ணா. இந்த முறையாவது விடுமுறை நாளில் அலுவலகத்தைத் திறக்காதீர்கள்.

பள்ளி அலுவலக அக்காவுக்கு

(தாளாளருக்கு ஒரு மரியாதைக் கடிதம் தனியாகப் போகும். நம்மிடம் வருஷம் முழுக்கப் பேசுவது இந்த அக்காதான், இவருக்கு யாரும் வாழ்த்து அனுப்புவதில்லை. முதலில் இதை அனுப்பு.)

அக்கா, வணக்கம். "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்லி வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் மட்டும்தான், "நீல விளக்கு மூன்று முறை மின்னுகிறது, பேப்பர் உள்ளே சிக்கவில்லை, நேற்று மாலை வரை ஓடியது" என்று சொல்வீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஜூனில் சேர்க்கை நேரத்தில் பட்டியல் அழிந்தபோதுகூட, பதறாமல் கணினியைத் தொடாமல் வைத்திருந்தீர்கள். அதன் மேல் வேறு எதையும் எழுதாததால்தான் அந்தப் பட்டியலை மீட்க முடிந்தது. மீட்டது நாங்கள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். காப்பாற்றியது நீங்கள்.

தீபாவளி வாழ்த்துகள் அக்கா. பாப்பாவுக்கும் சொல்லுங்கள்.

பரிசோதனைக் கூடத்துக்கு

சார், வணக்கம். எல்லோருக்கும் விடுமுறை, உங்களுக்கு மட்டும் இல்லை என்பது தெரியும். திங்கள் இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து இந்த வாழ்த்து. அன்று என் போன் அணையாது. முடிவுகள் அச்சாகவில்லை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். கூப்பிட வேண்டி வராமல் இருக்கட்டும், அதுதான் என் வாழ்த்து.

தையலக உரிமையாளருக்கு

(நம் பாக்கி ஆகஸ்ட்டிலிருந்து நிற்கிறது, எனக்கும் தெரியும். இந்தச் செய்தியில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட வேண்டாம், "ஞாபகப்படுத்தலாமா" என்று கேட்கவும் வேண்டாம். அது நவம்பரில் தனியாகப் பேசுகிற விஷயம். வாழ்த்துக்குள் பில்லை மடித்து வைத்தால் அப்புறம் நாம் எப்போது வாழ்த்தினாலும் அவருக்குப் பில்தான் தெரியும்.)

அக்கா, வணக்கம். புதிய கிளை திறந்து எட்டு மாதம். திறந்த அன்று வைஃபை வராமல் நானும் நீங்களும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஓட்டை தேடியது நினைவிருக்கிறதா? இந்தச் சில வாரம் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. கடைசித் துணியும் போய்ச் சேர்ந்து, மெஷின்கள் நின்ற பிறகு இதைப் படித்தால் போதும். தீபாவளி வாழ்த்துகள். உங்களுக்காகத் தைத்துக்கொண்ட துணி ஒன்றாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

நம்மை விட்டுப் போன மரச்சாமான் கடைக்காரருக்கு

சார், வணக்கம். இப்போது உங்கள் தளத்தை வேறு ஒருவர் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் திறந்து பார்த்தேன். படங்கள் முன்பைவிட வேகமாக வருகின்றன, நன்றாகச் செய்திருக்கிறார். ஆறு வருஷம் உங்களோடு வேலை செய்தது எனக்கு மறக்காது. தீபாவளி வாழ்த்துகள் சார்.

(இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே. "திரும்ப வாருங்கள்" என்று ஒரு வரி வந்தாலும் முழுச் செய்தியும் பொய்யாகிவிடும்.)

போன மாதம் சேர்ந்த புத்தகக் கடைக்கு

மேடம், வணக்கம். நாம் இதுவரை இரண்டு முறைதான் பேசியிருக்கிறோம், அதனால் சுருக்கமாக: தீபாவளி வாழ்த்துகள். உங்கள் சிறுவர் நூல் பட்டியலைத் தளத்தில் ஏற்றும்போது வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துக்கடை பாய்க்கு இப்போது எதுவும் இல்லை. ரமலானுக்கு எழுதுவேன், ஞாபகப்படுத்து.

போக்குவரத்து நிறுவன அண்ணாவுக்கு

(செப்டம்பரில் அவர் அப்பா தவறினார். இதில் "வாழ்த்து" என்ற சொல்லே வரக் கூடாது. ஞாயிறு மாலை அனுப்பு, திங்கள் வேண்டாம்.)

அண்ணா, வணக்கம். நாளைக்கு எல்லாப் பக்கமும் சத்தமாக இருக்கும். உங்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவை நான் மூன்று நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் சர்வர் அறையில் குனிந்திருக்கும்போது பின்னால் வந்து நின்று, "இதில் எந்த ஒயர் எந்த வண்டிக்கு?" என்று கேட்பார். ஒரு நாள் நிஜமாகவே விளக்கினேன். எந்தப் பெட்டி வண்டிகள் இருக்குமிடத்தைக் காட்டுகிறது, எது பில் போடுகிறது என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, நீல ஒயருக்கு ஒரு வண்டியின் நம்பரை அவரே சீட்டில் எழுதி ஒட்டினார். அந்தச் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒயரை மாற்றினாலும் சீட்டை எடுக்க மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம் அண்ணா. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சமையல் வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு

(அவருக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறது, குரல் செய்திதான் கேட்பார். நானே பேசி அனுப்புகிறேன். நீ அனுப்பிவிடாமல் இருக்கத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.)

அம்மா, நான்தான் பேசுகிறேன், உங்கள் கம்ப்யூட்டர் பையன். எப்படி இருக்கிறீர்கள்? முதல் ஆன்லைன் வகுப்பில் மைக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தீர்களே, அது ஞாபகம் வந்தது. ஒருத்தர்கூட வெளியே போகாமல் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். இப்போது நீங்களே எனக்கு போன் செய்து, "உன் குரல் வரவில்லை, மைக்கைப் பார்" என்கிறீர்கள். தீபாவளி வாழ்த்துகள் அம்மா. புதன்கிழமை வருகிறேன், அந்தப் பழைய கேமராவை மாற்றிவிடலாம். இல்லை, வேலைக்காக வரவில்லை, சும்மாதான் வருகிறேன். கேமராவை அப்புறம் பார்க்கலாம்.