ரெண்டு சிமிட்டு வீடு

மதுரையில் கடல் கிடையாது. வைகை இருக்கிறது, அதிலும் பாதி நாள் மணல்தான். அதனால் கயலுடைய தாத்தா ஒரு தகரப்பெட்டியும் ஒரு துணிப்பையுமாக ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, யானைமலைக்குப் பக்கத்தில் கண்மாய் ஓரமாக இருக்கிற அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கயலுடைய தம்பி முத்து கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"தாத்தா, இங்க கப்பலே வராதே. நீங்க என்ன வேலை பாப்பீங்க?"

"சும்மா இருக்கத்தான்டா வந்தேன்" என்றார் தாத்தா.

தாத்தா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். பாம்பன், கோடியக்கரை, முட்டம் என்று மாற்றி மாற்றி அனுப்புவார்களாம், எங்கே போனாலும் ராத்திரிதான் வேலை, பகலில்தான் தூக்கம். ரிட்டயர் ஆகி வெகு நாளாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊரே தூங்கும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் மேலூர் ரோட்டில் போகிற லாரி வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பார்.

"கலங்கரைன்னா என்ன, சொல்லு பாப்போம்" என்று ஒருநாள் கேட்டார்.

"கரையில இருக்கிற விளக்கு" என்றாள் கயல். நாலாம் வகுப்பு படிக்கிறவளுக்கு இது தெரியாதா?

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. காலையில சுவத்துல உக்காந்து காக்கா என்ன பண்ணுச்சு?"

"கத்துச்சு."

"கத்துச்சா, கரைஞ்சுச்சா?"

"கரைஞ்சுச்சு."

"அதான். கரையுறதுன்னா கூப்பிடுறது. கலம்னா கப்பல். கப்பலைக் கூப்பிடுற விளக்கு, அதான் கலங்கரை விளக்கம்."

முத்துவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அன்று முழுக்க வீட்டில் எல்லோரையும் பார்த்து "கா, கா" என்று கரைந்துகொண்டே இருந்தான், அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டும்வரை.

ஆனால் கயலுக்கு ஒரு சந்தேகம். விளக்கு எப்படிக் கூப்பிடும்? அதற்கு வாயா இருக்கிறது? கடலோரத்தில் எத்தனையோ ஊர் இருக்கும், எல்லா ஊரிலும் விளக்கு எரியும், அதில் நம்ம ஊர் எது என்று கப்பலில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. கிழக்கே கையைக் காட்டினார். யானை படுத்திருக்கிற மாதிரி யானைமலை.

"உங்கப்பா பஸ்ல வரும்போது ஊர் வந்துருச்சுன்னு எத வச்சுச் சொல்லுவாரு?"

"யானையை வச்சு."

"ராத்திரியில?"

கயல் யோசித்தாள். ராத்திரியில் யானையே தெரியாது. கறுப்புக்குள் கறுப்பு.

"கடல்லயும் அப்படித்தான். பகல்ல, கோபுரத்துக்கு அடிச்சிருக்கிற கறுப்பு வெள்ளைப் பட்டையப் பாத்து, இது இன்ன ஊருன்னு சொல்லிடுவாங்க. ராத்திரியில பட்டை தெரியாதுல்ல, அதனால ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு வச்சிருக்கு. ஒண்ணு பத்து எண்ணுறதுக்குள்ள ஒரு தடவை சிமிட்டும். இன்னொண்ணு ரெண்டு தடவை சிமிட்டிட்டுச் சும்மா இருக்கும். அடுத்த ஊருது மூணு. மாலுமிகிட்ட ஒரு புத்தகம் இருக்கும், எந்த விளக்கு எப்படிச் சிமிட்டும்னு அதுல போட்டிருக்கும். சிமிட்டுறத எண்ணிட்டுப் புத்தகத்தப் பாத்தா, ஓ இது இன்ன ஊருன்னு தெரிஞ்சிரும்."

"அப்ப நீங்க ராத்திரி பூரா சுவிட்சப் போட்டுப் போட்டு அமத்துவீங்களா?" என்றான் முத்து. பாவம், தாத்தாவின் விரல் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குக் கவலை.

தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் எழுந்துபோய்க் கொல்லையிலிருந்து ஒரு காலி பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தார்.

டப்பாவின் அடியைத் தகரம் வெட்டுகிற கத்தரியால் வெட்டி எடுத்தார். பக்கவாட்டில் உளியால் விரல் அகலத்துக்கு ரெண்டு கீறல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. சுற்றிலும் வெளிச்சம் தருகிற உருண்டை எமர்ஜென்சி லைட்டை மாடிச் சுவரில் வைத்து ஏற்றி, அதன் மேலே டப்பாவைக் கவிழ்த்தார்.

"இப்ப மெதுவாச் சுத்து. ஒரு சுத்துக்குப் பத்து எண்ணணும். நீ அங்கிட்டுப் போய் நில்லுத்தா."

முத்து சுற்றினான். கயல் மாடியின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாள். பளிச். பளிச். அப்புறம் இருட்டு. ஒன்று, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்து எட்டு வருவதற்குள் மறுபடியும் பளிச், பளிச்.

"விளக்கு அணையவே இல்ல தாத்தா! டப்பாதான் சுத்துது!"

"அம்புட்டுத்தான். எங்க விளக்கும் விடியவிடிய எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதச் சுத்தி ஆளுயரக் கண்ணாடி வில்லை, அதுதான் சுத்தும். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிப்போகாம அள்ளிச் சேத்து ஈட்டி மாதிரி நீட்டி அனுப்பும். அந்த ஈட்டி உன் கண்ணு மேல படும்போது பளிச், தாண்டிப் போயிட்டா இருட்டு."

1820களில் பிரான்சு நாட்டில் ஃபிரெனெல் என்று ஒருத்தர் கண்டுபிடித்த வில்லையாம் அது. ஒரே தடிக் கண்ணாடியாகச் செய்தால் தூக்கவே முடியாது என்று, கண்ணாடியைப் படிப்படியாக, வளையம் வளையமாக வெட்டி அடுக்கினாராம். தாத்தா சின்ன வயதில் வேலை பார்த்த இடத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான், பெட்ரோமாக்ஸ் மாதிரி மேண்டில் போட்டது. வில்லையைச் சுற்ற மோட்டார் கிடையாது. கோபுரத்துக்குள் ஒரு பெரிய எடைக்கல் தொங்கும், அது இறங்க இறங்க வில்லை சுற்றும், அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் கைப்பிடியைச் சுற்றி மறுபடி மேலே ஏற்ற வேண்டும். தூங்கினால் தொலைந்தது. இன்னொரு விஷயமும் சொன்னார். பகலில் வில்லையைச் சுற்றித் திரை போட்டுவிடுவார்களாம்.

"ஏன், விளக்குக்கு வெயில் ஆகாதா?"

"பூதக்கண்ணாடி வச்சு நீ காகிதத்த எரிச்சது மறந்துபோச்சா? இவ்வளவு பெரிய வில்லை மேல வெயில் பட்டா என்ன ஆகும்?"

முத்து பேசாமல் இருந்தான். அவன் காகிதத்தை எரித்தது தாத்தாவுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவன் யோசனை.

மறுநாள் காலையில் அப்பா டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது முத்து ஓடிப்போய்ச் சொன்னான், "அப்பா, இனிமே நம்ம வீடு ரெண்டு சிமிட்டு வீடு. பளிச் பளிச், அப்புறம் இருட்டு. மறந்துறாதீங்க." அப்பா "சரிடா, சரிடா" என்று சொல்லிவிட்டுப் போனார். காதில் வாங்கினாரா என்று சொல்ல முடியாது. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் அவருக்கு வேலை, தீபாவளி நெருங்கிவிட்டதால் தலைக்கு மேல் வேலை.

அன்று சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்தது. அடி மழை. எட்டு மணிக்குக் கரண்ட் போனது. மழை விட்டும் கரண்ட் வரவில்லை. ஒன்பது மணிக்கு வருகிற அப்பா ஒன்பதரைக்கும் வரவில்லை, அம்மா போன் போட்டுப் பார்த்தால் சுவிட்ச் ஆஃப்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குக் கண்மாய்க் கரைதான் வழி. நடுவில் மடை இருக்கிற இடத்தில் பாதை ரெண்டாகப் பிரியும். இடது பக்கம் வந்தால் வீடு. வலது பக்கம் போனால் மழைக்காலத்தில் முழங்கால் சேறு, அதற்கப்புறம் கண்மாய்த் தண்ணீர். இருட்டில் ரெண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

"வண்டியில லைட்டு இருக்குல்ல?" என்றான் முத்து.

"இருக்கு. கப்பல்லயும்தான் விளக்கு இருக்கு. நான் இங்க இருக்கேன், வந்து இடிச்சிராதேன்னு அது மத்தவங்களுக்குச் சொல்லும். வீடு எங்கிட்டு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தாத்தா.

கயல் மாடிக்கு ஓடினாள், செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு. ஏறிப் பார்த்தால் அங்கே ஒரு வெளிச்சம், இங்கே ஒரு வெளிச்சம், தெருவில் எல்லா மாடியிலும் யாரோ ஒருத்தர் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! வயல்காட்டுப் பக்கம் வரப்பில் தண்ணீர் திறந்துவிடப் போனவர்கள் கையிலும் டார்ச். கண்மாய்க் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் எது வீடு, எது வயல்?

"தாத்தா! டப்பா!"

லைட்டை வைத்தார்கள். டப்பாவைக் கவிழ்த்தார்கள். முத்து சுற்றினான், கயல் எண்ணினாள். கை வலித்ததும் ஆள் மாறினார்கள். வேகமாகச் சுற்றினால் கணக்குத் தப்பிவிடும் என்று தாத்தா பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா, அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் கண் மட்டும் மடையை விட்டு நகரவில்லை.

தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மடை கிட்டே வந்து நின்றது. வலது பக்கம் கொஞ்சம் திரும்பியது.

"அப்பா அங்கிட்டுப் போறாரு தாத்தா!"

"நீ எண்ணுறத நிறுத்தாத."

ஏழு, எட்டு. பளிச், பளிச். அந்தச் சின்ன வெளிச்சம் அசையாமல் நின்றது. மறுபடி பத்து எண்ணி முடித்தார்கள். இன்னும் ஒரு பத்து. கயலுக்குத் தொண்டை வறண்டுபோனது. அப்புறம் அந்த வெளிச்சம் மெல்லப் பின்னால் வந்து, இடது பக்கம் திரும்பி, ஆடி ஆடி வீட்டைப் பார்த்து வர ஆரம்பித்தது.

அப்பா வந்து இறங்கும்போது இடுப்பு வரைக்கும் சேறு. வழியிலும் ஒரு தடவை விழுந்திருக்கிறார், போனும் தண்ணீரில் நனைந்துவிட்டது. அம்மா துண்டைக் கொடுத்தபடி திட்ட ஆரம்பித்தாள். அப்பா அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"ரெண்டு முறை பளிச்சுன்னுச்சு. இது என்னடா கூத்துன்னு நின்னு பாத்தேன். திரும்பவும் அதே ரெண்டு. அப்பத்தான் காலையில இவன் சொன்னது ஞாபகம் வந்துச்சு" என்றார்.

மாடியில் முத்து இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தான். அப்பா வந்துவிட்டதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துருப்பிடித்த டப்பா.

"தாத்தா, எங்கப்பா ராத்திரி பால் வண்டியில வருவாரு. ரெண்டு சிமிட்டு உங்க வீடாம்ல? எங்களுக்கு எத்தனை?"

தாத்தா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"கயலு, அந்த உளிய எடுத்துட்டு வாத்தா" என்றார். "மூணு போடுவோம்."