மங்கிய பயணச்சீட்டு இரண்டின் தெளிவுப் பிரதி

மாதர் அபிவிருத்திச் சங்கப் பொருளாளர் அக்காவுக்கு,
மருத்துவ உதவிப் பணக் கோரிக்கையுடன் இணைப்பதற்கு
விசுவமடு, 2019-09-02

அக்கா, சின்னம்மாவின் கண் கிளினிக் பயணத்துக்குக் கொடுத்த இரண்டு சீட்டிலும் ஒன்றும் தெரியவில்லை, கணக்காய்வில் கேள்வி வரும் என்று திருப்பி அனுப்பியிருந்தீங்கள். போட்டோக்கொப்பி எடுத்தால் வெள்ளைத் தாள்தான் வருகிறது. அதனால் பகல் வெளிச்சத்திலும் டோர்ச் அடித்தும் பார்த்து, தெரிந்ததை வரி வரியாக எழுதியிருக்கிறேன். சீட்டில் உள்ளது எது, நான் கணக்குப் போட்டு எடுத்தது எது என்பது அந்தந்த வரியின் கீழே இருக்கிறது. மூலச்சீட்டுகள் இரண்டும் இந்தத் தாளின் பின்பக்கம் ஊசியால் குத்தியிருக்கின்றன. பசை பூச வேண்டாம், லமினேற்றும் செய்ய வேண்டாம். தாளில் இருக்கும் பதிவு அழிந்துவிடும்.

முதலாவது சீட்டு: ரயில் ஆசன முற்பதிவு

இந்தச் சீட்டில் மை மங்கியது பெரிய பிரச்சினை இல்லை. அச்சடித்த மெஷினின் தலையில் ஒரு ஊசி வேலை செய்யவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஏழு புள்ளி வரிசை உயரம். அதில் நடு வரிசை சீட்டு முழுவதும் இல்லை. இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் எல்லா எழுத்தின் இடுப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கிளிநொச்சி என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பதில் வரும் 'எச்' இரண்டும் குறுக்குத்தடி இல்லாமல் கதியால் நட்ட மாதிரி நிற்கின்றன. அது வாசிக்கத் தடையில்லை. சிக்கல் பூச்சியத்திலும் எட்டிலும்தான். எட்டின் இடுப்பை எடுத்துவிட்டால் பூச்சியமும் எட்டும் ஒன்றேதான், புள்ளிக்குப் புள்ளி. ஆங்கில 'பி'யும் 'டி'யும் அப்படியே. மற்ற இலக்கங்களுக்குக் குழப்பம் இல்லை. ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரு பக்கம் திறந்திருப்பதால் அவை தப்பிவிட்டன.

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே முதலில் தருகிறேன். கேள்விக்குறி உள்ள இடம் ஒவ்வொன்றும் பூச்சியம் அல்லது எட்டு, வேறொன்றும் இல்லை.

```
4?7?
2?19-??-2?
1?:46
31 32
5?725
6??.?? x 2
1,2??.??
```

இனி வரிகள்.

சீட்டு வகை: இலங்கைப் புகையிரதத் திணைக்களம், கணினி முற்பதிவுச் சீட்டு. தலைப்பு முன்னரே வர்ணத்தில் அச்சான தாள் என்பதால் மும்மொழியிலும் தெளிவாக உள்ளது.

புறப்படும் நிலையம்: கிளிநொச்சி

சேரும் நிலையம்: கொழும்பு கோட்டை

ரயில்: யாழ்தேவி, இலக்கம் 4078
பெயர் தெளிவு. இலக்கத்தில் இரண்டு இடம் சந்தேகம். கொழும்பில் இருந்து வருவது 4077, கொழும்புக்குப் போவது 4078 என்பது நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சேரும் நிலையம் கோட்டை என்றபடியால் 4078.

பயணத் திகதி: 2019-08-20, செவ்வாய்க்கிழமை
வருடத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மாதத்தின் முதல் இலக்கம் பூச்சியமாகவோ எட்டாகவோ இருக்கலாம், ஆனால் எண்பதாம் மாதமோ எண்பத்தெட்டாம் மாதமோ உலகத்தில் இல்லை. இரண்டாவது இலக்கத்தை நான் எட்டு என்று போட்டதற்கும் அதே காரணம்தான்: 'பூச்சிய பூச்சிய' மாதமும் கிடையாது. நாள்தான் உண்மையான சிக்கல். 20 என்றாலும் சரி, 28 என்றாலும் சரி. சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. இரண்டு வெளிச்சாட்சி இருக்கிறது: கீழே உள்ள பஸ் சீட்டு வேறொரு மெஷினில் அடித்தது, அதில் 20 தெளிவு, கிளினிக் கொப்பியில் வைத்தியர் பார்த்த நாள் 21. ஆகவே 20.

புறப்படும் நேரம்: காலை 10:46
18:46 ஆகவும் வாசிக்கலாம். யாழ்தேவி பகலில் ஓடுகிற ரயில், அந்த நேரத்தில் கோட்டையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வகுப்பு: இரண்டாம் வகுப்பு

பெட்டி: 'பி' அல்லது 'டி'
இதை நான் தீர்க்கவில்லை. டோர்ச்சைத் தாளோடு சரித்துப் பிடித்தால் ஊசி குத்திய தடம் நிழலாகத் தெரியும் என்று பார்த்தேன். தெரிகிறது, ஆனால் குத்தாத ஊசிக்குத் தடம் எங்கே வரும்? கூடப்போன தம்பியைக் கேட்டால் "ஜன்னல் பக்கம் அக்கா" என்கிறான். பெட்டி எழுத்தால் காசில் ஒரு சதமும் மாறாது. ஊகித்து ஒன்றை எழுதிவைத்து, பிறகு யாராவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். இரண்டையும் எழுதியபடி விடுகிறேன்.

ஆசனங்கள்: 31, 32

பயணிகள்: 2 பேர், முழுச்சீட்டு

பயணி பெயர்: சீட்டில் அச்சாகவில்லை

அடையாள அட்டை இலக்கம்: 58725 என்று தொடங்குகிறது, முடிவில் 'வி'
சங்க மேசையில் எல்லாரும் புரட்டுகிற கோப்பு என்பதால் மிச்ச இலக்கங்களை இங்கே எழுதவில்லை. அங்கத்தவர் பதிவேட்டில் இருக்கிறது, ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். பெயரில்லாத சீட்டு சின்னம்மாவினதுதான் என்பதற்கு இந்த வரிதான் பிடி. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 725இல் 500 போக 225. அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள்தான். அப்படி எண்ணினால் 225ஆவது நாள் ஆகஸ்ட் 12. சின்னம்மா பிறந்தது 1958 ஆகஸ்ட் 12. ஐம்பதா ஐம்பத்தெட்டா என்ற சந்தேகமும் இதோடு போகிறது, 1950இல் அம்மம்மாவுக்குக் கலியாணமே ஆகவில்லை.

ஒருவர் கட்டணம்: 600.00 ரூபாய்

மொத்தம்: 1,200.00 ரூபாய்
நீங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான் என்பதால் விரிவாக எழுதுகிறேன். ஒருவர் கட்டணத்தின் ரூபாய்ப் பகுதி 600, 608, 680, 688 என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இரண்டு பேருக்கு அவை முறையே 1,200, 1,216, 1,360, 1,376. சீட்டில் மொத்தம் 1,2 என்று தொடங்கி, பிறகு பூச்சியமோ எட்டோ மட்டுமே வருகிறது. அதற்குள் அடங்குவது 1,200 ஒன்றுதான். சதத்தையும் இப்படியே இரட்டித்துப் பார்த்தேன், பூச்சியம் தவிர வேறொன்றும் பொருந்தவில்லை.

மொத்தத்தின் 1இலும் 2இலும் நீலப் பேனை தெரியும். நீங்கள் திருப்பி அனுப்பிய அன்று தம்பி தெளிவாகட்டும் என்று மேலால் எழுதத் தொடங்கி, நான் ஏசினதால் நிறுத்திவிட்டான். பேனையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குக் கீழே பழைய புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

வழங்கிய திகதி: 2019-08-13
வருடமும் மாதமும் மேலே சொன்ன கணக்குப்படி, நாள் தெளிவு.

சீட்டின் தொடர் இலக்கம்: 3, அடுத்தது பூச்சியம் அல்லது எட்டு, பிறகு 4157. அதற்குப் பின்னால் இருந்தது பரிசோதகர் குத்திய ஓட்டையோடு போய்விட்டது.

சீட்டு நம் கையில் இருப்பதற்குக் காரணம்: கோட்டை வாசலில் வழக்கமாகச் சீட்டை வாங்கிவிடுவார்கள். சங்கத்தில் காட்ட வேண்டும் என்று தம்பி சொல்லிக் கேட்டு வைத்துக்கொண்டான்.

இரண்டாவது சீட்டு: பஸ்

இது நேர் எதிர். நடத்துநர் கையில் வைத்திருக்கும் சின்ன மெஷின். ஊசி எல்லாம் சரி, ரிப்பன்தான் காய்ந்து போயிருக்கிறது. மை ஏறக்குறைய இல்லை. ஆனால் தாள் மெல்லியது என்பதால் குத்து நன்றாக இறங்கியிருக்கிறது. இருட்டறையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் வைத்து, தாளின் முதுகைப் பார்த்தேன். எழுத்துகள் இடம் வலம் மாறி, மேடு மேடாக நிற்கின்றன. கைப்பேசியில் படம் எடுத்து, படத்தைத் திருப்பியதும் வாசிக்க வந்துவிட்டது. முன்பக்கம் கண்ணுக்கு எட்டிய அரைகுறை மையோடும் ஒப்பிட்டேன், ஒரு இடத்திலும் முரண் இல்லை.

சேவை: இலங்கைப் போக்குவரத்துச் சபை
ஏறிய இடம்: விசுவமடு
இறங்கிய இடம்: கிளிநொச்சி
திகதி: 20/08/2019
நேரம்: 08:37
முழுச்சீட்டு: 2
ஒருவர் கட்டணம்: 48.00 ரூபாய்
மொத்தம்: 96.00 ரூபாய்
பஸ் இலக்கம்: வாசிக்க முடியவில்லை. சீட்டு மடித்த இடத்தில் அந்த வரி விழுந்திருக்கிறது, தாளே தேய்ந்துவிட்டது.

முல்லைத்தீவு வீதியால் தர்மபுரம் தாண்டிப் பரந்தனில் ஏ9ஐப் பிடித்துக் கிளிநொச்சிக்குத் திரும்புகிற வழி. 08:37க்கு ஏறினால் 10:46 ரயிலுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. இரண்டு சீட்டும் ஒரே பயணம் என்பதற்கு இதுவும் பொருந்துகிறது.

கோரும் தொகை

ரயில்: 1,200.00
பஸ்: 96.00
கூட்டுத்தொகை: 1,296.00 ரூபாய்

திரும்பி வந்தது சொந்தக்காரர் ஒருவரின் வானில். அதற்குச் சீட்டும் இல்லை, கோரிக்கையும் இல்லை. கோட்டையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனார்கள், அதையும் கேட்கவில்லை.

கொழும்புக்கு நேரே பஸ் இருக்கும்போது ஏன் ரயில் என்று கூட்டத்தில் யாரோ கேட்டதாகச் சொன்னீங்கள். சின்னம்மாவுக்கு முதுகும் சரியில்லை, இரவு பஸ்ஸில் நிமிர்ந்திருந்து போக ஏலாது. கண்ணுக்கு மருந்து விடவும் பஸ்ஸில் வசதியில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றை அவவே சொல்லுவா: 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த நாளில் இருந்து, கொழும்புப் பயணம் என்றால் அவவுக்கு ரயில்தான். இந்த இரண்டாவது காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியதில்லை.

தேவை வந்தால் பஸ் சீட்டின் திருப்பிய படம் என் கைப்பேசியில் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன். ரயில் சீட்டின் திகதியை யாராவது மறுபடி 28 என்று வாசித்தால், கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தையும் காட்டுங்கள். கொப்பி சின்னம்மாவிடம் இருக்கிறது, அடுத்த தவணைக்கு அவ கொண்டுபோக முன்னர் வாங்குங்கள்.

வாசித்து எழுதியவர்: பயணியின் பெறாமகள்
மூலத்தோடு ஒப்பிட்டவர்: கூடப்போன மகன் (பெட்டி எழுத்து தவிர)