சார், இப்போது எங்கள் குரல் கேட்கும்

அன்புள்ள சார்,

நீங்கள் மாறுதலாகிப் போகிறீர்கள். நேரில் விடைசொல்ல வந்தால் பாதியிலேயே அழுதுவிடுவோம். அதனால் ஹாக்கி அணியில் உள்ள 18 பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை எழுதினோம். கேப்டன் வாசிப்பாள். அவளுக்குத் தொண்டை அடைத்தால் கோல்கீப்பர் வாங்கி வாசிப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் நாள், எங்கள் கையில் நீங்கள் ஸ்டிக்கே கொடுக்கவில்லை. எங்களை ஒரு கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எதிர் போஸ்டுக்கு நடந்துபோய், "ஒவ்வொருத்தரா உங்க பேரைச் சொல்லுங்க, எனக்குக் கேக்கணும்" என்றீர்கள். யார் பெயரும் உங்களுக்குக் கேட்கவில்லை. பொம்பளப் பிள்ளை சத்தமாகப் பேசக்கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மைதானத்தில் வந்து கத்தச் சொன்னால் எங்கே கத்துவது? நீங்கள் திட்டவில்லை. திரும்பி வந்து, "கண்ணு பந்து மேல இருக்கும்போது பின்னால யார் வாரான்னு அவளுக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும். நீ வாயைத் திறக்கலைன்னா அவ தனியா நிக்கா" என்றீர்கள். ஹாக்கி என்றால் என்ன என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ட்ரிப்ளிங், புஷ், ஷார்ட் கார்னர் எல்லாம் அப்புறம்தான் வந்தது.

எங்களில் ஆறு பேருடைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை விளையாடப் போய்விட்டால் தம்பி தங்கச்சியை யார் பார்ப்பது என்று கேட்டபோது, விளையாட்டின் பெருமையைப் பற்றி நீங்கள் ஒன்றும் பேசவில்லை. வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டீர்கள். மறுநாளிலிருந்து 5 மணிப் பயிற்சி 5.30 ஆனது. எங்கள் லெஃப்ட் அவுட் வீட்டுக்கு மூன்று தடவை வந்தீர்கள். அவள் அப்பா கடைசியில் சரி என்று சொன்னதற்கு நீங்கள் பேசிய எதுவும் காரணமில்லை. இருட்டிய பிறகு பிள்ளைகளை ஒவ்வொரு தெருவிலும் விட்டுவிட்டு, உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீங்கள் போவதை அவர் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறார். அதை இப்போதுதான் எங்களிடம் சொன்னார்.

தூத்துக்குடியில் ஃபைனலில் தோற்றோமே, அதையும் சொல்ல வேண்டும். ஷூட் அவுட்டில் கடைசியாகப் போனவள் 8 செகண்டுக்குள் அடிக்க முடியாமல் நின்றுவிட்டாள். திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லை. எட்டயபுரத்தில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள். அவள் சாப்பிடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கீப்பர் வெளிய வாரதைப் பாத்துட்டு நின்ன பாரு, அது சரி. போன வருசம் பாக்காமலே அடிச்சிருப்ப. அடுத்தது கைக்கு வரணும், அவ்வளவுதான்" என்றீர்கள். அவள் இன்றைக்கும் பயிற்சி முடிந்தபிறகு தனியாகப் பத்துத் தடவை 23 மீட்டர் கோட்டிலிருந்து ஓடி வந்து அடிக்கிறாள். நீங்கள் போனபிறகும் அடிப்பாள்.

2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை மதுரைக்கு வந்தபோது எங்களை அழைத்துப் போனீர்கள். மற்றவர்கள் கோலைப் பார்த்துக் கைதட்ட, எங்கள் கோல்கீப்பரிடம் மட்டும், "பந்தைப் பாக்காத. கீப்பர் எப்பக் கத்துதான், எப்பச் சும்மா இருக்கான், அதை மட்டும் பாரு" என்றீர்கள். அன்றைக்கு யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் டிஃபன்ஸ் இப்போது யாரை நம்பி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஹாக்கி தெரியாது என்று சொல்லக்கூடாது என்பீர்கள். இந்த ஊரில் பயிற்சி எடுத்துத்தான் மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்கு ஆடினார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! இந்த ஊர்ப் பொம்பளப் பிள்ளைகளின் பெயரையும் அப்படிச் சொல்கிற நாள் வரவேண்டும். அது எங்கள் ஆசை மட்டுமில்லை, உங்களுக்கும் அதுதான் ஆசை என்று எங்களுக்குத் தெரியும்.

திருச்சிக்கு மாறுதல் என்று கேட்டதும் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அப்புறம் யோசித்தோம். அங்கேயும் ஒரு மைதானத்தில், தன் பெயரைச் சத்தமாகச் சொல்லத் தெரியாமல் சில பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களுக்கு நீங்கள் வேண்டும்.

பந்துப் பையின் சாவி கேப்டனிடம் இருக்கிறது. கிழிந்த கீப்பர் பேடைத் தைக்கக் கொடுத்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரை நேற்று எதிர் போஸ்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பெயர் சொல்லச் சொன்னோம். மூன்று பேர் பெயர்தான் கேட்டது. நாளைக்கும் நிறுத்துவோம்.

இந்தப் பையில் கடலைமிட்டாய் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நீங்கள் கொடுத்ததற்குப் பதில் என்று நினைக்காதீர்கள், அவ்வளவையும் எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது. கூட ஒரு ஸ்டிக்கும் இருக்கிறது. அதில் 18 பேரும் பெயர் எழுதியிருக்கிறோம்.

நாளைக்கு ரயில் ஏறும்போது நாங்கள் ஸ்டேஷனுக்கு வருவோம். பிளாட்பாரத்தின் இந்தக் கடைசியில் நின்று ஒவ்வொருத்தராக எங்கள் பெயரைச் சொல்வோம். வண்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் உங்களுக்குக் கேட்கும் சார்.

உங்கள் பிள்ளைகள்,
17 வயதுக்குட்பட்டோர் மகளிர் ஹாக்கி அணி,
கோவில்பட்டி