ஜூன் 9 ரிடெம்ப்ஷன் பணம் 30ஆம் தேதி வந்தது: தாமதத்துக்கு விளக்கமும் 15 சதவீத வட்டியும் வேண்டும்

பெறுநர்: முதலீட்டாளர் உறவு அலுவலர்
நகல்: கம்ப்ளையன்ஸ் அதிகாரி
ஃபோலியோ எண்: 10478832/56
திட்டம்: ஃபிளெக்ஸி கேப், டைரக்ட் பிளான், குரோத்
தேதி: 7 ஜூலை 2025

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 9, திங்கட்கிழமை காலை 11.20க்கு உங்கள் இணையதளத்தில் 4,250 மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டை விற்றுப் பணமாக்க ரிடெம்ப்ஷன் போட்டேன். ஓடிபி வந்தது, கொடுத்தேன், கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் குறுஞ்செய்தியும் உடனே வந்தது. மதியம் 3 மணி கட்-ஆஃபுக்கு வெகுமுன்பே போட்டதால் அன்றைய யூனிட் விலையான என்ஏவி 98.64 கிடைத்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மொத்தம் 4,19,220 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரி 4 ரூபாய் 19 காசு போக எனக்கு வர வேண்டியது 4,19,215 ரூபாய் 81 காசு. எல்லாம் ஒரு வருடத்துக்கு முன் வாங்கிய யூனிட்கள், அதனால் சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் எக்ஸிட் லோடு கிடையாது. கணக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையிலேயே சரியாக இருக்கிறது. பணம்தான் இல்லை. அது என் வங்கிக் கணக்குக்கு வந்தது ஜூன் 30 அன்று, அதுவும் வட்டி என்று ஒரு பைசா இல்லாமல், தாமதத்தைப் பற்றி ஒரு வரி இல்லாமல்.

சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி உங்களுக்குத் தெரியாததல்ல. ரிடெம்ப்ஷன் பணம் கொடுக்க முன்பு பத்து வேலை நாள் என்று இருந்ததை மூன்று வேலை நாளாகக் குறைத்து 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். பங்குத் திட்டங்களுக்கு அதே வருடம் பிப்ரவரியிலிருந்து இரண்டு வேலை நாளிலேயே கொடுத்துவிடுகிறோம் என்று உங்கள் சங்கமான ஆம்ஃபியே அறிவித்தது. அந்த இரண்டு நாளை நான் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, செபி சொன்ன மூன்றையே எடுத்துக்கொள்கிறேன். அந்த வாரம் சந்தைக்கோ வங்கிக்கோ விடுமுறை எதுவும் இல்லை. ஆக ஜூன் 12 வியாழக்கிழமைக்குள் பணம் வந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பக்கத்திலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருகிறேன். ஜூன் 10ஆம் தேதியிலிருந்தே இணையதளத்தில் நிலவரம் Processed என்று காட்டியது. பணம் அனுப்பியதற்கு அடையாளமான யுடிஆர் எண் இருக்க வேண்டிய இடம் காலி. 13ஆம் தேதி கஸ்டமர் கேரில் பேசியவர், "அனுப்பிவிட்டோம் சார், உங்கள் பேங்கில்தான் நிற்கிறது" என்றார். சரி என்று திருமங்கலத்தில் என் வங்கிக் கிளைக்கே போய்க் கேட்டேன். அங்கே இருந்த அதிகாரி கணினியில் பார்த்துவிட்டு, உங்களிடமிருந்து எதுவும் வரவும் இல்லை, வந்து திரும்பவும் இல்லை என்று சொன்னார், கணக்கு விவரப் பட்டியலையும் முத்திரை போட்டுக் கொடுத்தார். இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வேறொருவர், பணம் பேங்கிலிருந்து திரும்பி வந்துவிட்டது என்றார். இன்னொருவர் கேஒய்சி என்றார். என் கேஒய்சி சரிபார்க்கப்பட்டதாகவே பதிவில் இருக்கிறது என்று சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஜூன் 17 அன்றுதான் முதல்முறையாக மின்னஞ்சலில் ஒரு காரணம் வந்தது: ஃபோலியோவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லையாம். பான் கார்டில் என் பெயர் முத்துக்குமார் செல்லையா. வங்கிப் புத்தகத்தில் செ. முத்துக்குமார். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் ஊர் இது, குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கேட்கும் படிவத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியே ஆக வேண்டும், மதுரையில் பாதிப் பேருக்கு இரண்டு அட்டையில் இரண்டு மாதிரிதான் பெயர் இருக்கும். உங்கள் ஆட்களுக்கு இது புதிதாக இருக்க வழியில்லை. சரி, புதிது என்றே வைத்துக்கொள்வோம். 2023இல் இதே ஃபோலியோவிலிருந்து நான் 60,000 ரூபாய் எடுத்தபோது இதே பெயரில் உள்ள இதே கணக்குக்குத்தானே அனுப்பினீர்கள்? அப்போது பொருந்திய பெயர் இப்போது எப்படிப் பொருந்தாமல் போகும்?

அதைவிட ஒன்று. இந்தப் பணம் நின்றுகொண்டிருந்த அதே நாட்களில், ஜூன் 20 அன்று, என் மாதாந்திர எஸ்ஐபி 5,000 ரூபாயை அதே வங்கிக் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. எடுக்கும்போது அது முத்துக்குமார் கணக்கு, கொடுக்கும்போது மட்டும் யாருடையது என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

பணம் திரும்பி வந்தது என்பதையும் அப்படியே விட்டுவிட முடியாது. நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தை, பெற்ற வங்கி அந்த பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வரவு வைப்பதும் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். அப்படித் திரும்பியிருந்தால் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டிருக்கலாம். போன பணத்துக்கு ஒரு யுடிஆர் எண் இருக்கும், திரும்பிய நேரமும் காரணமும் பதிவாகியிருக்கும். அதைக் காட்டுங்கள். ஜூன் 30 அன்று வந்த பணத்துக்கான யுடிஆர் எண் என்னிடம் இருக்கிறது, அதற்கு முன் அனுப்பியதாகச் சொல்லும் முயற்சிக்குத்தான் கேட்கிறேன். காட்ட முடியாவிட்டால் பணம் உங்களிடமிருந்து கிளம்பவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போதே உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. வங்கி விவரப் படிவமும் கேன்சல் செய்த காசோலையும் முதலீட்டாளர் தாமதமாகக் கொடுத்தார் என்பீர்கள். உங்கள் மதுரை சேவை மையத்தில் அந்த இரண்டையும் நான் கொடுத்தது ஜூன் 18, முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. நீங்கள் கேட்டது 17ஆம் தேதி, கொடுத்தது மறுநாள். புதிய கணக்கு எதையும் நான் சேர்க்கவில்லை, ஏற்கனவே பதிவில் உள்ள கணக்கையே மறுபடி எழுதிக் கொடுத்தேன், அதுவும் கவுண்டரில் இருந்த தம்பி "வேறு வழி தெரியவில்லை அண்ணே, எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொன்னதால். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் எதுவும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் உண்மையிலேயே காகிதம் தேவைப்பட்டிருந்தால் அதைக் கேட்டிருக்க வேண்டியது ஜூன் 9 அல்லது 10. மூன்று வேலை நாள் கெடு முடிந்த பிறகு கேட்ட காகிதத்தைக் காட்டி அதற்கு முந்தைய தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. காகிதம் கைக்கு வந்த பிறகும் 30ஆம் தேதி வரை என்ன நடந்தது என்பதும் இன்னும் யாரும் சொல்லாத கதை.

இந்தத் தாமதம் எனக்கு என்ன செய்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கள்ளிக்குடிப் பக்கம் ஒரு மனைக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு, பாக்கிப் பணத்தை ஜூன் 16 அன்று கொடுத்துப் பத்திரம் பதிவதாக முடிவாகியிருந்தது. சார் பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனும் வாங்கியாயிற்று. 14 இரண்டாம் சனிக்கிழமை, 15 ஞாயிறு, அதனால் 13ஆம் தேதி மதியத்துக்கு மேல் வேறு வழியில்லாமல் வீட்டில் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை வங்கியில் அடகு வைத்துப் பணம் புரட்டினேன். என் சொந்தப் பணம் உங்களிடம் நான்கு லட்சத்துக்கு மேல் இருக்க, மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பத்திர ஆபீஸுக்கு வந்தார். ஜூலை 1 அன்றுதான் மீட்டேன். அந்த நகைக்கடன் வட்டியை உங்களிடம் கேட்கவில்லை, விதியில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறேன்.

யூனிட்கள் ஜூன் 9ஆம் தேதி விலையிலேயே கழிந்துவிட்டன, அதற்குப் பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் எனக்குச் சம்பந்தமில்லை. அதாவது அந்த நாட்களில் என் பணம் முதலீடாகவும் இல்லை, என் கையிலும் இல்லை. இந்த இடைவெளிக்குத்தான் செபி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்திருக்கிறது. அதைத் திட்டத்தின் கணக்கில் எழுதாமல் நிர்வகிக்கும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. முதலீட்டாளர் கேட்டால் கொடுப்போம் என்கிற சலுகை அல்ல இது.

கணக்கு இது: 4,19,215.81 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 172 ரூபாய் 28 காசு. ஜூன் 13 முதல் 30 வரை 18 நாள். மொத்தம் 3,101 ரூபாய் 5 காசு. உங்கள் கணக்கு வேறாக வந்தால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எண்ணினீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள், பேசிக்கொள்ளலாம். வட்டியை ரிடெம்ப்ஷன் தொகையோடு சேர்த்துத் திருத்தாமல் தனி வரவாக, தனிக் கடிதத்தோடு அனுப்புங்கள். வருமான வரிக்கு மூலதன ஆதாயம் வேறு, இந்த வட்டி வேறு, பிறகு என் ஆடிட்டரிடம் நான் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எழுத்தில் எனக்கு வேண்டியவை: பணம் உண்மையில் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, முதல் முயற்சி என்று ஒன்று இருந்தால் அதன் யுடிஆர் எண்ணும் திரும்பிய காரணமும், 17ஆம் தேதி வரை எனக்கு ஏன் தகவல் தரவில்லை என்பதற்குப் பதில். கூடவே, அடுத்த முறை நான் பணம் எடுக்கும்போது இந்தப் பெயர்ப் பிரச்சினை மறுபடி முளைக்காது என்று பதிவில் சரிசெய்து அதற்கு உறுதிக் கடிதம். இன்னும் யூனிட்கள் உங்களிடம்தான் இருக்கின்றன, எஸ்ஐபியும் ஓடுகிறது.

"உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று தானாக வரும் மின்னஞ்சலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அது ஏற்கனவே என்னிடம் நிறைய இருக்கிறது. ஜூலை 21 திங்கட்கிழமைக்குள் வட்டியும் விளக்கமும் வராவிட்டால் மறுநாளே செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளத்தில் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் அப்படியே பதிவேற்றுவேன். அங்கே 21 நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஆன்லைனில் தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்கு எடுத்துச் செல்வேன்.

இணைப்பு: ஜூன் 9 கோரிக்கை ஏற்புக் குறுஞ்செய்தியின் படம், ரிடெம்ப்ஷன் அறிக்கை, யுடிஆர் எண் காலியாக இருக்கும் நிலவரப் பக்கத்தின் படம், வங்கிக் கணக்கு விவரம் (2023 வரவு, ஜூன் 20 எஸ்ஐபி பற்று, ஜூன் 30 வரவு மூன்றையும் கோடிட்டிருக்கிறேன்), ஜூன் 17 மின்னஞ்சல், ஜூன் 18 ஒப்புகைச் சீட்டு.

ஃபோலியோவில் பதிவாகியுள்ள கைபேசி எண்ணில் காலை 10 மணிக்கு மேல் பேசலாம். ஆனால் பதில் மின்னஞ்சலில் வர வேண்டும்.

செ. முத்துக்குமார்
(பான் கார்டின்படி முத்துக்குமார் செல்லையா, இருவரும் ஒருவரே)
திருமங்கலம், மதுரை மாவட்டம்