வெளிர் நீல லினன் சட்டை: கோஸ்ட் மேனெக்வின் படங்களுக்கான குறிப்பு

போட்டோ எடுப்பவருக்கும் எடிட் செய்பவருக்கும். முடிந்த படத்தில் பொம்மை தெரியக் கூடாது, சட்டை மட்டும் உள்ளே ஆள் இருப்பதுபோல் நிற்க வேண்டும்.

சட்டை: ஆண்கள் முழுக்கை, 100% லினன், அளவு 40, இடது மார்பில் ஒரு பாக்கெட், வளைந்த அடிவிளிம்பு. தேவை மூன்று படங்கள்: முன்பக்கம், பின்பக்கம், காலர் குளோசப்.

காலரின் உள்பக்கம்

இதில்தான் பாதி வேலை. முதல் பட்டனைத் திறந்து விடுங்கள், பூட்டினால் உள்ளே காட்ட இடமே இருக்காது. பொம்மையில் போட்டு முன்பக்கத்தை எடுத்ததும், கேமராவையும் லைட்டையும் அசைக்காமல், கழுத்து வளைவுக்கு வெட்டிய தெர்மாகோல் அட்டையில் சட்டையை மாட்டுங்கள். முன் காலரைக் கீழே இழுத்துப் பிடித்து, பின்கழுத்தின் உள்பக்கத்தை எடுங்கள். காலர் பட்டியின் உள்துணி, பிராண்ட் லேபிள், அதன் கீழே 40 என்ற சைஸ் லேபிள் மூன்றும் தெரிய வேண்டும். லேபிளைச் சுற்றிய தையல் நான்கு மூலையிலும் தெளிவாகத் தெரியட்டும்.

இரண்டு படங்களையும் இணைக்கும்போது உள்பக்கம் வெளித்துணியைவிட ஒரு நிழல் கருமையாக இருக்க வேண்டும். ஒரே வெளிச்சத்தில் விட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது போல் தெரியும். பட்டியின் இரு முனைகளும் முன் காலருக்குள் இடைவெளி இல்லாமல் போய் மறைய வேண்டும்.

துணி விழும் விதம்

ஸ்டீமர் போதும், அழுத்தி அயர்ன் செய்ய வேண்டாம். பேக்கிங்கில் விழுந்த குறுக்கு மடிப்புகள் போகட்டும், அக்குளிலிருந்து இறங்கும் நீள மடிப்புகள் இருக்கட்டும். லினனை வழவழவென்று காட்டினால் பாலியஸ்டர் என்று நினைப்பார்கள். பின்னால் கிளிப் போடுவதென்றால் லேசாக. பட்டனுக்குப் பட்டன் துணி இழுபட்டுத் தெரிந்தால் கழற்றி விடுங்கள், இது தளர்வான சட்டை என்றுதான் விற்கிறோம். கைகளுக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி வையுங்கள், குழாயாக நிற்க வேண்டாம். லைட் ஒரு பக்கமாக 45 டிகிரியில் வந்தால் நூலின் தடிப்பு தெரியும்.

சமச்சீர்

பட்டன்கள் நிற்கும் கோடுதான் நடுக்கோடு. கேமரா மார்பு உயரத்தில், 85 எம்எம் லென்ஸ், f/9. காலர் முனைகள், தோள்கள், கஃப்கள் இருபுறமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இதைப் பொம்மை மேலேயே சரி செய்யுங்கள். ஒரு பாதியை எடிட்டில் திருப்பிப் போட்டுச் சமன் செய்யவே வேண்டாம்: பாக்கெட் ஒன்று இரண்டாகும், அல்லது இருக்கும் ஒன்றும் காணாமல் போகும். நூல் தடிப்பும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபுறமும் ஒரே இடத்தில் வரும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அப்படியே விடலாம், தைத்த சட்டைதானே.

பின்னணி சுத்த வெள்ளை (255, 255, 255), அளவு 2000 × 2000, sRGB, JPEG. சட்டை சட்டகத்தில் சுமார் 85% நிறையட்டும். நிறத்துக்குச் சாம்பல் அட்டையோடு ஒரு படம் தனியாக எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் காலர் படத்துக்குக் கீழே வரும் வரி: “கழுத்தின் உள்பக்கமும் அதே லினன், லேபிள் நான்கு பக்கமும் தைத்தது.” படம் இந்த வரியைக் காட்டாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.